கோதுமையின் தற்காப்பைக் கைப்பற்றிய புல்

1990களின் தொடக்கத்தில் ஹரியானாவின் நெல்–கோதுமைப் பகுதிகளில் சில விவசாயிகள், கதிர் முற்றுவதற்கு முன்பே கோதுமைப் பயிரைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். வறட்சி வரவில்லை, நோயும் தாக்கவில்லை. வயலில் கோதுமையைவிடக் களை அதிகமாக இருந்தது. மிக மோசமான வயல்களில் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட களைச்செடிகள் நின்றன. இத்தனைக்கும் அந்த விவசாயிகள் களைக்கொல்லி தெளித்துத்தான் இருந்தார்கள். பலர் இரண்டாவது முறையும் தெளித்தார்கள், அளவைக் கூட்டியும் பார்த்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடாத மருந்து அந்த வயல்களில் வேலை செய்யவில்லை.

அந்தக் களையின் அறிவியல் பெயர் ஃபலாரிஸ் மைனர். பஞ்சாபில் குல்லி டண்டா என்றும் ஹரியானாவில் மண்டூசி, கன்கி என்றும் சொல்வார்கள். புல் இனம்தான். இளம் பருவத்தில் கோதுமைக் கன்றிலிருந்து இதைப் பிரித்தறிய நல்ல பழக்கம் வேண்டும். செடியைப் பிடுங்கித் தண்டின் அடிப்பகுதியைப் பார்த்தால் மண்டூசியில் செந்நிறம் ஓடும், கோதுமையில் ஓடாது. கோதுமை இலையின் அடியில் தண்டைத் தழுவி நிற்கும் சிறு காது போன்ற உறுப்பும் மண்டூசியில் கிடையாது. ஆனால் ஒரு ஏக்கர் முழுக்கக் குனிந்து இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக் களையெடுக்க யாராலும் முடியாது. கதிர் வந்தபிறகு எளிதாக அடையாளம் தெரியும். அதற்குள் உரமும் நீரும் வெளிச்சமும் களைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நெல்லுக்குப் பின் கோதுமை என்ற சுழற்சி இந்தப் புல்லுக்காகவே வகுத்ததுபோல் அமைந்துவிட்டது. கோடையிலும் மழைக்காலத்திலும் நெல்வயலின் சேற்றுக்கடியில் இதன் விதை அழுகாமல் உறங்கிக் கிடக்கும். நவம்பரில் நெல் அறுவடை முடிந்து, நிலம் குளிர்ந்து, உழுது ஈரம் காட்டும்போது கோதுமையோடு சேர்ந்து முளைக்கும். கோதுமை அறுவடைக்கு முன்பே விதைகளில் பெரும்பகுதியை உதிர்த்துவிடும். எனவே அறுவடை இயந்திரத்தோடு விதையை வெளியேற்றும் வழியும் அடைபட்டது.

ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி 1970களின் இறுதியில் வந்தபோது விவசாயிகள் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. விலை குறைவு. முதல் நீர் பாய்ச்சியபின், விதைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரே ஒரு தெளிப்பு போதும். புல்லோடு சில அகன்ற இலைக் களைகளும் போய்விடும். பஞ்சாபும் ஹரியானாவும் அந்த ஒரே மருந்தை ஆண்டுதோறும் அதே வயல்களில் தெளித்தன.

ஒரு களைக்கொல்லி செடியின் உடலுக்குள் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதை வைத்துத்தான் அதன் வகையைத் தீர்மானிக்கிறார்கள். ஐசோபுரோட்டுரான் ஒளிச்சேர்க்கையைத் தாக்கும். இலையின் பச்சையத்தில் விழும் ஒளி எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அவற்றை அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் புரதம் ஒன்று உண்டு, டி1 என்று பெயர். மருந்து அந்தப் புரதத்தில் போய் அமர்ந்து பாதையை அடைத்துவிடும். ஒளி மட்டும் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும். கடத்த வழியில்லாத ஆற்றல் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்க, அவை செல்சவ்வுகளைச் சிதைக்கும். செடி பட்டினியால் சாவதற்கு முன்பே, பட்ட வெயிலாலேயே இலை கருகிவிடும்.

கோதுமையிலும் அதே டி1 புரதம் இருக்கிறது. ஆனாலும் கோதுமை சாவதில்லை. தன்னுள் நுழைந்த ஐசோபுரோட்டுரானை அது வேகமாக உடைத்துவிடுவதே காரணம். சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் இந்த வேலையைச் செய்கிறது. மருந்தின் மூலக்கூறிலிருந்து சிறு பகுதியைக் கழற்றியோ, ஓர் ஆக்சிஜனைச் சேர்த்தோ, அதைத் தீங்கற்றதாக மாற்றிவிடும். மண்டூசியிடமும் இந்த நொதிகள் உண்டு, ஆனால் வேகம் போதாது. பயிர் பிழைத்துக் களை சாவதற்குக் காரணம் இந்த வேக வித்தியாசம் ஒன்றே. நடந்த சிக்கல் அனைத்தும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஹிசாரிலுள்ள சவுத்ரி சரண் சிங் ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆர்.கே. மாலிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990களின் முற்பகுதியில் இந்த வயல்களை ஆராய்ந்து, மருந்து குறைபாடில்லை, புல்தான் எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கிறது என்று காட்டினார்கள். அவர்களுடைய கள ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. இடைவிடாமல் நெல்–கோதுமை மட்டுமே போட்ட வயல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் எதிர்ப்புத்திறன் இருந்தது. இடையில் கரும்பு, பெர்சீம் தீவனம், சூரியகாந்தி என்று மாற்றிய விவசாயிகளிடம் அது மிகக் குறைவு. அவர்களும் அதே மருந்தைத்தான் வாங்கினார்கள், ஆனால் ஆண்டுதோறும் தெளிக்கவில்லை.

இவ்வளவு விரைவில் ஒரு வயல் எப்படி மாறுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். பத்து லட்சம் மண்டூசிச் செடிகளில் ஒன்று மட்டும் பிறவியிலேயே மருந்தைத் தாங்கக்கூடியது என்று கொள்வோம். நல்ல தெளிப்பு மற்ற செடிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கொல்கிறது, அந்த ஒன்றைக் கொல்லவில்லை. அப்படியானால் ஒவ்வொரு பருவமும் மீதமிருப்பவற்றில் தாங்கும் செடியின் விகிதம் இருபது மடங்காகும். முதல் பருவத்தின் முடிவில் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. அடுத்து 2,500க்கு ஒன்று. மூன்றாவதில் 125க்கு ஒன்று. நான்காவதில் ஆறு சாதாரணச் செடிக்கு ஒரு தாங்கும் செடி. மூன்றாம் ஆண்டு வரை விவசாயியின் கண்ணுக்கு எதுவுமே தெரியாது, மருந்து பிரமாதமாக வேலை செய்வதாகவே தோன்றும். உண்மை வயலில் மண்ணுக்குள் உறங்கும் பழைய விதைகள் இந்த வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் நான்கு ஆண்டுக்குப் பதிலாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

இதே கணக்கில் மருந்துக்குப் பதிலாகக் களைக்கொத்தைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். கொத்து தாங்கும் செடியையும் தாங்காத செடியையும் ஒரே மாதிரி வெட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போனாலும் மீதமுள்ள ஐந்தில் விகிதம் மாறாது. களையெடுக்கும் முறைகளை ஒப்பிடும்போது எத்தனை களை செத்தது, எவ்வளவு செலவானது என்று மட்டும் கேட்பது வழக்கம். மிஞ்சி நிற்கும் களை, செத்ததிலிருந்து வேறுபட்டதா என்ற கேள்வியையும் அதற்கு இணையாகக் கேட்க வேண்டும்.

கைக்களையெடுப்பும் இதற்கு முழு விலக்கில்லை. சீனாவின் நெல்வயல்களில் பல நூற்றாண்டுகளாக உழவர்கள் நெல்லைப்போல் தெரியாத புல்லைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். நெல்லைப்போலவே நிமிர்ந்து நின்ற குதிரைவாலிக் களைகள் மட்டும் கண்ணில் படாமல் தப்பின. நெல்லின் தோற்றத்தைப் பெற்ற அந்த வகைகளின் மரபணுவில் மனிதத் தேர்வின் தடயம் இருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஐசோபுரோட்டுரானுக்கு ஒன்றரைப் பத்தாண்டு போதுமாக இருந்தது.

எதிர்ப்புத்திறன் பெற்ற மண்டூசிக்குள் நடந்தது என்ன என்று தேடியபோது கிடைத்த விடை கவலை தருவது. டி1 புரதம் மாறவில்லை. புல் மருந்தை வேகமாக உடைக்கத் தொடங்கியிருந்தது, கோதுமை உடைக்கும் அதே வழியில். பி450 நொதிகளை முடக்கும் பைப்பரோனைல் பியூட்டாக்சைடு போன்ற பொருளைச் சேர்த்துத் தெளித்தால் எதிர்ப்புப் புல்லும் மீண்டும் சாகிறது, சோதனைத் தொட்டிகளில் இதைப் பார்க்க முடிந்தது. வயலில் அப்படிச் செய்ய முடியாது, ஏனெனில் கோதுமையின் தற்காப்பும் அதோடு போய்விடும்.

இதன் விளைவு ஒரு மருந்தோடு நிற்பதில்லை. கோதுமையில் பயன்படும் பல களைக்கொல்லிகள் வேறு வேறு இடங்களைத் தாக்கினாலும், கோதுமை அவற்றிலிருந்து தப்பிப்பது பெரும்பாலும் இந்த நொதிகளால்தான். அந்த நொதிகளைப் பெருக்கிக்கொண்ட களை, தான் முன்பின் சந்தித்திராத மருந்தையும் தாங்கக்கூடும். ஐசோபுரோட்டுரானை எதிர்த்த ஹரியானா மண்டூசியில் டைக்குளோஃபாப் என்ற முற்றிலும் வேறு வகை மருந்துக்கும் எதிர்ப்பு தென்பட்டது.

1990களின் கடைசியில் மாற்று மருந்துகள் வந்தன. குளோடினாஃபாப், ஃபெனாக்சாப்ராப் ஆகியவை கொழுப்பு அமிலத் தயாரிப்பின் முதல் படியை, அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதியை, நிறுத்துபவை. புல்லினங்களில் இந்த நொதியின் வடிவம் வேறு, அகன்ற இலைச் செடிகளில் வேறு. அதனால் இவை புல்லை மட்டும் கொல்லும். வளரும் குருத்து அடியில் அழுகி, இழுத்தால் கையோடு வரும். கோதுமையும் புல் என்பதால், அது மருந்தை விரைந்து உடைக்கும்படி தூண்டும் பாதுகாப்புப் பொருள் ஒன்றைக் குளோடினாஃபாப்புடன் கலந்தே விற்கிறார்கள். சல்ஃபோசல்ஃப்யூரான் வேறு வகை. வாலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களை ஆக்கும் அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் நொதியை அது முடக்கும். தெளித்த சில நாளில் வளர்ச்சி நிற்கும், செடி சாகப் பல வாரங்கள் ஆகும். ஹெக்டேருக்கு 25 கிராம் போதும். ஐசோபுரோட்டுரானோ ஒரு கிலோ அளவில் தேவைப்பட்டது. ஆனால் சல்ஃபோசல்ஃப்யூரானின் எச்சம் மண்ணில் தங்கி, பின்னால் விதைக்கும் சோளம், மக்காச்சோளத்தைப் பாதிக்கும்.

விளைச்சல் மீண்டது, விவசாயிகள் மூச்சுவிட்டார்கள். ஆனால் மருந்து மாறியதே தவிர, ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிக்கும் பழக்கம் மாறவில்லை. கர்னாலிலுள்ள கோதுமை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்.எஸ். சோக்கர், ஆர்.கே. சர்மா ஆகியோர், ஒளிச்சேர்க்கை, கொழுப்பு அமிலம், அமினோ அமிலம் என்ற மூன்று வழி மருந்துகளையும் தாங்கும் மண்டூசி வந்துவிட்டதை 2008இல் வெளியிட்டார்கள். இம்முறை நொதி வேகம் கூடியதோடு, மருந்து அமரும் இடமே மரபணு மாற்றத்தால் உருமாறிய செடிகளும் சேர்ந்துகொண்டன.

எதிர்ப்பைத் தள்ளிப்போட மருந்தின் வகையை ஆண்டுக்கு ஆண்டு மாற்றுங்கள் என்ற அறிவுரை சரிதான், ஆனால் மண்டூசியிடம் அது மட்டும் போதாது. இரண்டு மருந்துகளைக் கலந்து தெளிப்பது பெரும்பாலும் இன்னும் வலுவானது. ஒன்றிலிருந்து தப்பும் அரிய செடி இன்னொன்றில் சிக்கிவிடும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் அதே களையைக் கொல்ல வேண்டும், வேறு வேறு இடங்களைத் தாக்க வேண்டும். குளோடினாஃபாப்புடன் மெட்ரிபுசின் சேர்ந்த கலவை இந்த நிபந்தனைக்குப் பொருந்தும். சல்ஃபோசல்ஃப்யூரானுடன் மெட்சல்ஃப்யூரான் சேர்ந்த கலவை பொருந்தாது. இரண்டும் ஒரே நொதியைத் தாக்குபவை, அதிலும் மெட்சல்ஃப்யூரான் அகன்ற இலைக் களைக்கானது. டப்பாவில் இரண்டு பெயர் இருந்தாலும் மண்டூசியைப் பொறுத்தவரை அது ஒற்றை மருந்து. குளோடினாஃபாப்புடன் 2,4-டி கலப்பது இன்னொரு தவறு. 2,4-டி புல்லின் மீதான குளோடினாஃபாப்பின் வேகத்தையே குறைத்துவிடும்.

அளவைக் குறைத்துத் தெளிப்பது நொதிவழி எதிர்ப்பை வேகமாக வளர்க்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் என்ற களைப்புல்லின் மீது டைக்குளோஃபாப் மருந்தைக் குறைந்த அளவில் தெளித்து, பிழைத்தவற்றின் விதையை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கொண்டே போனார்கள். மூன்று தலைமுறையில் அந்தப் புல் முழு அளவையும் தாங்கியது. முழு அளவு தனித்தனிச் சிறு திறன்களைச் சேரவிடாமல் கொன்றுவிடும். அரை அளவு அவற்றைப் பிழைக்கவிட்டு ஒன்றோடொன்று மகரந்தம் சேர விடும். காசை மிச்சம் பிடிக்கப் பாதி மருந்து ஊற்றுவதும், களை பெரிதான பின் தாமதமாகத் தெளிப்பதும் வயலில் ஒரே பலனைத்தான் தரும்.

முளைக்குமுன் தெளிக்கும் மருந்துகள் இந்த இடத்தில் கைகொடுக்கின்றன. பெண்டிமெத்தலின் வேர்நுனியில் செல் பிரிவதைத் தடுக்கும், பைராக்சசல்ஃபோன் மிக நீளமான கொழுப்பு அமிலங்கள் உருவாவதைத் தடுக்கும். இரண்டும் விதைத்த இரண்டு மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது தெளிக்க வேண்டியவை. கட்டி கட்டியாகக் கிடக்கும் மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் இவற்றின் பலன் பாதியாகிவிடும்.

மருந்தில்லாத முறைகளில் பஞ்சாப்–ஹரியானாவில் பெரிய மாற்றம் தந்தது உழவில்லா விதைப்பு. நெல் அறுத்த நிலத்தை உழாமல், மண்ணில் மெல்லிய கீறல் மட்டும் போட்டு விதையையும் உரத்தையும் இறக்கும் கருவி 1990களில் பந்த்நகரில் உருவாகி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஹரியானாவில் பரவியது. மண்டூசி விதை மேல்மண்ணின் சில சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் எளிதில் முளைக்கும், மண் கிளறப்படும்போது அதிகமாக முளைக்கும். கிளறாத வரிசை இடைவெளியில் முளைப்பு குறைந்தது. உழவு நேரமும் மிச்சமாவதால் கோதுமையை ஒன்றிரண்டு வாரம் முன்கூட்டியே விதைக்க முடிந்தது. அக்டோபர் கடைசி வெப்பத்தில் கோதுமை முளைக்கும், மண்டூசி இன்னும் குளிருக்குக் காத்திருக்கும். கோதுமை தரையை மூடியபின் தாமதமாக வரும் புல்லுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. நெல் வைக்கோலை எரிக்காமல் மண்மேல் பரப்பி அதனூடே விதைக்கும் ஹேப்பி சீடர் கருவி இந்தப் பலனை இன்னும் கூட்டும்.

பெர்சீம் தீவனப்பயிரின் பங்கு வேறு விதமானது. அதைக் குளிர்காலம் முழுக்க மாதத்துக்கு ஒரு முறை போல வெட்டுவார்கள். உடன் வளரும் மண்டூசியும் பூப்பதற்கு முன் வெட்டுப்படும், விதை விழாது. எதிர்ப்புத்திறன் உள்ளதா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஆனால் எல்லா விவசாயிக்கும் அவ்வளவு தீவனம் தேவையில்லை, நெல்லுக்கும் கோதுமைக்கும் உள்ள அரசுக் கொள்முதல் பெர்சீமுக்குக் கிடையாது. ஏட்டில் சிறந்த முறை வயலில் பரவாததற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டுக்கு மண்டூசி பிரச்சினை இல்லை, இங்கே அந்தக் குளிர் கிடையாது. ஆனால் இந்த வரலாறு இங்குள்ள நெல்லுக்கும் பொருந்தும். நடவு நெல்லில் தேங்கிய நீரே பாதிக் களையை அடக்கும், வரிசை நடவில் கோனோவீடரை உருட்டலாம். ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு மாறும் வயல்களில் இரண்டும் போய், பிஸ்பைரிபாக் சோடியம் போன்ற முளைத்தபின் தெளிக்கும் மருந்தின் மீது சுமை விழுகிறது. அது சல்ஃபோசல்ஃப்யூரான் தாக்கும் அதே நொதியைத் தாக்குவது. குதிரைவாலிக் களை அதைத் தாங்குவது உலகின் வேறு பல நெல் நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

தெளித்தபின் களை சாகாவிட்டால் எல்லாமே எதிர்ப்புத்திறன் ஆகாது. தப்பியவை நேர்க்கோடாக நின்றால் நாசில் அடைத்தது அல்லது தெளிப்பவர் நடையில் இடைவெளி விட்டது காரணம். வயல் முழுக்க எல்லாக் களையும் அரைகுறையாக நின்றால் தண்ணீர், அளவு, நேரம் ஆகியவற்றில் தவறு. சந்தேகப்பட வேண்டிய காட்சி வேறு: மருந்துக்கு அடங்கும் பிற களைகள் செத்திருக்கும், மண்டூசி மட்டும் நிற்கும், நன்றாக நனைந்து செத்த மண்டூசிக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் இன்னொரு மண்டூசி பச்சையாக இருக்கும். போன ஆண்டு இருந்த அதே திட்டில், இப்போது சற்று அகலமாக.

அந்தத் திட்டுச் செடிகளை விதை உதிரும் முன் பிடுங்கி எரிப்பது முதல் வேலை. சோதிக்க நினைப்பவர்கள் சில கதிர்களை மட்டும் முற்றவிட்டு, மார்ச்–ஏப்ரலில் விதையை உறையில் சேகரித்து, உறக்கம் கலையும்வரை உலர்வாக வைக்க வேண்டும். மருந்தே கண்டிராத இடத்திலிருந்து, கோவில் தோப்போ ரயில் பாதை ஓரமோ, ஒப்பீட்டுக்கு வேறு விதையும் வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் இரண்டையும் தொட்டிகளில் வளர்த்து, இரண்டு மூன்று இலை வந்ததும் தெளிக்காமல் ஒரு வரிசை, பரிந்துரைத்த அளவில் பாதி, முழு அளவு, இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று தெளிக்கிறார்கள். நான்கு வாரம் கழித்து அறுத்து எடை போட்டு, வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். வயல் விதைக்குத் தேவைப்பட்ட அளவு ஒப்பீட்டு விதைக்குத் தேவைப்பட்டதைப் போல் பல மடங்காக இருந்து, பரிந்துரைத்த அளவில் அது பிழைத்தும் இருந்தால், அந்த வயலில் அந்த வகை மருந்தை அடுத்த பருவத்துக்கு வாங்கக் கூடாது.